கதவுக் கைப்பிடி: ஜிங்க்கா, பித்தளையா, ஸ்டீலா?

புதுமனைப் புகுவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது தச்சர் ஒரு பட்டியலை நீட்டுவார். கீல் இத்தனை, தாழ்ப்பாள் இத்தனை, டோர் ஸ்டாப்பர் இத்தனை, பூட்டுடன் ஹேண்டில் இத்தனை ஜோடி. மற்றவற்றை அவரே வாங்கி வந்துவிடுவார். ஹேண்டிலை மட்டும் வீட்டுக்காரர்தான் கடைக்குப் போய்ப் பார்த்து எடுக்க வேண்டும். சென்னைப் பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் பலகை பலகையாகத் திருகி மாட்டியிருப்பார்கள். பக்கத்துப் பக்கத்தில் மூன்று கைப்பிடிகள், மூன்றும் ஒரே பழம்பொன் நிறம், ஏறக்குறைய ஒரே வடிவம். ஆனால் ஒன்றின் விலை இன்னொன்றைப் போல மூன்று மடங்கு. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நிறத்துக்கு அடியில் இருக்கிறது.

கடையில் சொல்லப்படும் பெயர்களில் பாதி, உலோகத்தின் பெயரே அல்ல. 'ஆன்டிக் பிராஸ்' என்றால் பித்தளையில் செய்தது என்றுதான் வாங்குபவர் நினைப்பார். உண்மையில் அது மேற்பூச்சின் நிறத்துக்கு வைத்த பெயர். உள்ளே ஜிங்க் இருக்கலாம். 'எஸ்.எஸ். ஃபினிஷ்' என்பதும் அப்படித்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போலத் தோற்றம் தருகிறது என்பதற்கு மேல் அது எந்த உறுதியும் தரவில்லை. ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி நிறத்தைப் பற்றியதல்ல. "பாடி எந்த மெட்டல்?" என்று கேட்டால் நேரான பதில் கிடைக்கும்.

கதவுக் கைப்பிடிச் சந்தையில் வீட்டு உபயோகத்துக்குப் பெரும்பாலும் வருவது மூன்று உலோகங்கள். ஒன்று, கடையில் 'ஜிங்க்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் துத்தநாகக் கலவை. இரண்டாவது, முழுக்க முழுக்கப் பித்தளை. மூன்றாவது, நம் சமையலறையில் எவர்சில்வர் என்று பழகிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

ஜிங்க் என்று விற்கப்படுவது தனித் துத்தநாகம் அல்ல. அதில் சுமார் 4 சதவீதம் அலுமினியம், சிறிதளவு மெக்னீசியம், சில ரகங்களில் 1 சதவீதம் வரை தாமிரம் கலந்திருக்கும். 1920களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் உருவாக்கிய இந்தக் கலவைக் குடும்பத்துக்கு 'சமாக்' என்று பெயர். இதன் பெரிய பலம், சுமார் 380 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுவது. உருகிய கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தினால் சில நொடிகளில் கைப்பிடி தயார். பூவேலை, கொடிவேலை, மெல்லிய கோடுகள் என்று அச்சில் என்ன இருக்கிறதோ அது அப்படியே வந்துவிடும். வெப்பம் குறைவு என்பதால் அச்சு சீக்கிரம் தேயாது. ஒரே அச்சில் லட்சக்கணக்கில் வார்க்கலாம். ஜிங்க் கைப்பிடி மலிவாக இருப்பதற்குக் காரணம் உலோகத்தின் விலையைவிட இந்த வேகம்தான்.

ஆனால் அச்சிலிருந்து வெளிவரும் ஜிங்க் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும். அதை அப்படியே கதவில் மாட்ட முடியாது. மேலே முதலில் தாமிர முலாம், அதன்மேல் நிக்கல், கடைசியில் குரோமியம் அல்லது வேறு நிறப்பூச்சு என்று அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள். நிக்கல் அடுக்கு நல்ல தரத்தில் 10 மைக்ரான் அளவுக்கு இருக்கும். அதன்மேல் இருக்கும் குரோமியமோ ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்தால், கைப்பிடியின் அழகு முழுவதும் எவ்வளவு மெல்லிய தோலில் நிற்கிறது என்பது புரியும்.

அந்தத் தோலில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் கதை மாறுகிறது. சாவிக்கொத்து உரசிய கீறல், முலாம் பூசும்போதே விட்டுப்போன நுண்துளை, மோதிரம் தேய்த்த இடம், எதுவானாலும் சரி. ஈரமும் உப்பும் அதன் வழியே உள்ளே இறங்குகின்றன. நிக்கலும் தாமிரமும் துத்தநாகத்தைவிட மந்தமான உலோகங்கள். மூன்றும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது துத்தநாகம்தான். அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொருள் பழைய உலோகத்தைவிட அதிக இடம் எடுத்துக்கொள்கிறது. இடம் போதாமல் மேலே உள்ள தோலைத் தள்ளுகிறது. கைப்பிடியில் கொப்புளம் கிளம்புவது இப்படித்தான். சில மாதங்களில் கொப்புளம் உடைந்து முலாம் செதில் செதிலாக உரியும். அடியில் வெள்ளை மாவு தெரியும். உரியும் விளிம்பு சில சமயம் கையைக்கூடக் கீறிவிடும்.

இதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. பாலிஷ் போட்டால் மிச்சமிருக்கும் முலாமும் போகும். மறுபடி முலாம் பூசுவதற்கு ஆகும் செலவில் புதிதே வாங்கிவிடலாம்.

ஜிங்க் என்றாலே மோசம் என்று இதற்குப் பொருள் இல்லை. வெயில், மழை, உப்புக்காற்று படாத படுக்கையறைக் கதவில், நல்ல முலாம் உள்ள ஜிங்க் கைப்பிடி பத்தாண்டுக்கு மேலும் பளபளப்பாக இருக்கும். தீர்மானிப்பது முலாமின் தரமும் கதவு இருக்கும் இடமும்தான். முலாமின் தரத்தை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்றாலும் ஒரு வழி உண்டு. கைப்பிடியை 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புநீர்ப் பனிமூட்டத்துக்குள் மணிக்கணக்கில் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்றை உற்பத்தியாளர்கள் செய்கிறார்கள். ஐரோப்பியத் தர அளவுகோலில் 96 மணி நேரம் தாங்கினால் மூன்றாம் நிலை, 240 மணி நேரம் என்றால் நான்காம் நிலை. 480 மணி நேரம் என்றால் மிக உயர்ந்த ஐந்தாம் நிலை. நல்ல நிறுவனங்கள் இந்த மணிக்கணக்கைத் தங்கள் விவரப் பட்டியலில் அச்சிடுகின்றன. இத்தனை மணி நேரம் என்றால் வீட்டில் இத்தனை ஆண்டு என்று அதை மாற்றிக் கணக்குப் போட முடியாது. இரண்டு கைப்பிடிகளை ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும்.

பித்தளைக்கு இந்தத் தோல் பிரச்சினை அடிப்படையிலேயே இல்லை. மேலே இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதான். தாமிரம் சுமார் 60 பங்கு, துத்தநாகம் சுமார் 40 பங்கு, கடைசல் வேலை எளிதாக இருக்க ஓரளவு ஈயம். இதுதான் கைப்பிடிப் பித்தளையின் வழக்கமான சேர்மானம். அலிகாரில் பூட்டுத் தொழிலோடு சேர்ந்தே பித்தளைக் கதவுச் சாமான்களும் வளர்ந்தன. பித்தளைத் தண்டைத் துண்டு போட்டு, செக்கச் சிவக்கக் காய்ச்சி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஒரே அடியில் அழுத்தினால் கைப்பிடியின் வடிவம் கிடைக்கும். மணல் அச்சில் வார்ப்பதும் உண்டு. பிறகு பிசிறை வெட்ட வேண்டும், துளை போட வேண்டும், துணிச் சக்கரத்தில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையில் மனிதக் கை நிறையவே இருக்கிறது.

விலை எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். ஒரு ஜோடி லீவர் கைப்பிடிக்கு 40 கன சென்டிமீட்டர் உலோகம் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஜிங்க் என்றால் அது சுமார் 268 கிராம். அதே அளவு பித்தளை 340 கிராம். கணக்குக்காக ஜிங்க் கிலோ 270 ரூபாய், பித்தளை கிலோ 600 ரூபாய் என்று எடுத்தால், ஜிங்க் ஜோடியில் இருப்பது 72 ரூபாய் உலோகம். பித்தளை ஜோடியில் 204 ரூபாய் உலோகம். வித்தியாசம் 132 ரூபாய்தான். ஆனால் கடையில் வித்தியாசம் ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். மிச்சப் பணம் அடுப்புக்கும், அச்சுத் தேய்மானத்துக்கும், பாலிஷ் போடும் கைக்கும், குறைவான எண்ணிக்கையில் செய்வதற்கும் போகிறது. தாமிர விலை ஏறும்போதெல்லாம் பித்தளை விலையும் கூடவே ஏறும் என்பதும் உண்மை. ஆனாலும் பித்தளைக் கைப்பிடியை வாங்குபவர் முக்கியமாக வேலைப்பாட்டுக்குத்தான் பணம் கொடுக்கிறார்.

கொடுத்த பணத்துக்குக் கிடைப்பது என்ன? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளை நோட்டமிட்டால் விடை தெரியும். இடித்த வீடுகளிலிருந்து கழற்றி வந்த பித்தளைக் குமிழ்களும் கைப்பிடிகளும் கறுத்துப்போய்க் குவிந்திருக்கும். ஒன்றை எடுத்துத் தேய்த்தால் அடியிலிருந்து அதே மஞ்சள் மின்னும். இரண்டு தலைமுறைக் கைகள் பட்டுத் தேய்ந்த இடம்கூட வழவழப்பாகத்தான் இருக்கும், உரிந்திருக்காது. கீறினாலும் கீறலுக்கு அடியில் பித்தளைதான் இருக்கிறது. காயலான் கடைக்குப் போட்டாலும் எடைக்கு நல்ல விலை கிடைக்கும்.

பித்தளையின் குறை, கறுப்பது. கை வியர்வையும் காற்றில் உள்ள கந்தகமும் சேர்ந்து சில வாரங்களில் மங்கலாக்கிவிடும். இதைத் தடுக்கத் தொழிற்சாலையிலேயே நிறமில்லாத லாக்கர் பூசி அனுப்புகிறார்கள். நாள் முழுக்கக் கை படும் தலைவாசல் கைப்பிடியில் இந்த லாக்கர் ஓரிரு ஆண்டுகளில் கட்டைவிரல் படும் இடத்தில் தேயத் தொடங்கும். தேய்ந்த இடம் கறுக்கும், தேயாத இடம் மின்னும். பார்ப்பதற்குப் படர்தாமரை போலத் திட்டுத்திட்டாகிவிடும். பலர் இந்தக் கட்டத்தில் கைப்பிடி கெட்டுவிட்டதென்று மாற்றிவிடுகிறார்கள். தேவையே இல்லை. பெயின்ட் ரிமூவர் போட்டு மிச்ச லாக்கரை முழுக்க எடுத்துவிட்டால், அதன்பின் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளி போட்டே துலக்கலாம். புளியின் அமிலம் கறுப்பைக் கரைக்கிறது. உடனே நல்ல தண்ணீரில் துடைத்து உலர்த்த வேண்டும். கைப்பிடியைக் கதவிலிருந்து கழற்றிச் செய்வது மரத்துக்கும் நல்லது. லாக்கர் இருக்கும்போதே புளி போடுவதில் பயனில்லை, மேலே உள்ள லாக்கர்தான் பாழாகும். ஜிங்க் கைப்பிடிக்கோ புளி, எலுமிச்சை இரண்டுமே ஆகாது.

பித்தளைக்கு இன்னொரு குணமும் உண்டு. தாமிரம் அதிகமுள்ள பரப்பில் பாக்டீரியாக்கள் நீண்ட நேரம் உயிர்வாழ்வதில்லை. 2008இல் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தாமிரக் கலவைகளைக் கிருமிக்கொல்லிப் பொருளாகப் பதிவு செய்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இந்தக் குணம் கிடையாது. ஆனால் லாக்கரோ குரோமியமோ பூசிய பித்தளையில் கை தாமிரத்தைத் தொடுவதே இல்லை என்பதால் இந்தப் பயனும் இல்லை. பூச்சில்லாத பித்தளைக்கு மட்டுமே இது பொருந்தும்.

கையில் இருப்பது பித்தளையா ஜிங்க்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடையிலேயே செய்யக்கூடியது, கைப்பிடியைத் திருப்பிப் பார்ப்பது. சதுரக் கம்பி நுழையும் துளைக்குள் பார்த்தால் பித்தளையில் மஞ்சள் தெரியும். ஜிங்க்கில் சாம்பல் நிறம் தெரியும். அச்சிலிருந்து தள்ளி எடுத்த ஊசிகளின் சின்ன வட்டத் தடங்களும் பின்பக்கம் இருக்கும். மறைவான இடத்தில் கத்தி முனையால் கீறிப் பார்ப்பவர்களும் உண்டு. அதில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. ஜிங்க்கின் முலாமில் அடியில் இருப்பது தாமிரம் என்பதால் லேசாகக் கீறினால் செம்பு நிறம் தெரிந்து, பித்தளைதான் என்று தோன்றிவிடும். இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கீறினால்தான் சாம்பல் வெளிப்படும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சந்தேகம் வந்தால், சமையலறைத் தராசே தீர்ப்புச் சொல்லும். கைப்பிடியின் லீவரை மட்டும் கழற்றி எடை போட வேண்டும். 170 கிராம் என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, முக்கால் பங்கு தண்ணீர் உள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும். லீவரை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுக்க அமிழும்படி கையால் பிடித்துத் தொங்கவிட வேண்டும். இப்போது தராசு காட்டும் கிராம்தான் லீவரின் கன அளவு, கன சென்டிமீட்டரில். 20 என்று காட்டினால், 170ஐ 20ஆல் வகுக்க 8.5 வரும். அது பித்தளையின் அடர்த்தி. தராசு 25 அல்லது 26 என்று காட்டினால் விடை 6.8 அல்லது 6.5. அது ஜிங்க். துளைக்குள் காற்றுக் குமிழி நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடிய கூடு உள்ள கைப்பிடிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி பெரும்பாலும் அப்படிக் கூடுதான். 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை வெட்டி, வளைத்து, கழுத்துப் பகுதியைப் பற்றவைத்துச் செய்கிறார்கள். அதனால்தான் ஸ்டீல் கைப்பிடிகள் எல்லாம் நேர்க்கோடும் வளைவுமாக எளிமையாக இருக்கின்றன. பூவேலை செய்த கைப்பிடியை எவராவது ஸ்டீல் என்று விலை பேசினால் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது. குழாய் என்பதால் உலோகம் குறைவு, விலையும் பித்தளையைவிடக் குறைவு. கட்டியான ஸ்டீலில் செய்ததும் கிடைக்கிறது. கையில் எடுத்தவுடன் கனத்தில் தெரியும், விலையிலும் தெரியும்.

ஸ்டீலும் துருப்பிடிக்கும். துருவைத் தடுப்பது அதில் உள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து தானாகவே உருவாக்கிக்கொள்ளும் ஒரு மெல்லிய படலம். கீறினாலும் அது மறுபடி உருவாகிவிடும். ஜிங்க் முலாமுக்கு இல்லாத வசதி இது. ஆனால் உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். எவ்வளவு தாங்கும் என்பது ரகத்தைப் பொறுத்தது. 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316 ரகத்தில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். கடலோரத்துக்கு இதுதான் சரி. 202 ரகத்தில் விலையுயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். புதிதாக இருக்கும்போது மூன்றும் ஒன்றுபோலவே மின்னும். திருவான்மியூரிலோ நாகப்பட்டினத்திலோ கடல் காற்று படும் இடத்தில் 202 கைப்பிடி ஒரு மழைக்காலத்திலேயே தேநீர்க் கறை போன்ற பழுப்புப் புள்ளிகளைக் காட்டத் தொடங்கும்.

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று கடைகளில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. காந்தம் நன்றாக ஒட்டினால் அது 304 அல்ல என்பது வரை சரி. ஒட்டவில்லை என்பதால் 304 என்று ஆகிவிடாது. 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. உண்மையான 304லேயே குழாய் வளைத்த இடத்தில் லேசாக இழுக்கும். பல பாத்திரக் கடைகளிலும் ஸ்டீல் வியாபாரிகளிடமும் ஒரு சொட்டுத் திரவமும் சின்ன பேட்டரியும் கொண்ட சோதனைப் பெட்டி இருக்கிறது. மாங்கனீசு அதிகமுள்ள 202இல் அந்தச் சொட்டு சிவந்துவிடும், 304இல் சிவக்காது. எட்டுக் கதவுக்கு வாங்குபவர் அந்தச் சோதனையைக் கேட்டுச் செய்யச் சொல்வதில் தவறே இல்லை.

ஸ்டீலுக்கு நம் வீடுகளில் இன்னொரு எதிரி, குளியலறை கழுவும் ஆசிட். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். தரையில் ஊற்றினாலும் ஆவி மேலே எழும்பிக் கைப்பிடியில் படியும். டைல்ஸ் ஒட்டி முடித்ததும் சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவது நம் ஊர் வழக்கம். அந்த வேலைக்கு முன்பே கைப்பிடிகளை மாட்டிவிட்டால், குடிபுகும் நாளில் புத்தம் புதிய 304 ஸ்டீலிலும் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். ஜிங்க் முலாமும் அப்போதே துளைபட்டிருக்கும், கொப்புளம் மட்டும் பிறகு வரும். ஸ்டீலில் விழுந்த புள்ளியை உடனே கவனித்தால் மென்மையான நாரில் ஸ்டீல் பாலிஷ் தொட்டு, தேய்ப்புக் கோடுகள் போகும் திசையிலேயே தேய்த்து எடுத்துவிடலாம். இரும்பு நார் கூடாது. அதிலிருந்து உதிரும் துகளே துருப்பிடித்துப் புதுக் கறை போடும்.

வலிமையில் வரிசை தெளிவானது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கம்பியாக இழுத்தால், ஜிங்க் கலவை சுமார் 28 முதல் 33 கிலோ வரை தாங்கும். கைப்பிடிப் பித்தளை 38 கிலோ அளவுக்கு, 304 ஸ்டீல் 52 கிலோவுக்கு மேல். இதைவிட முக்கியம், உடையும் விதம். ஸ்டீல் நன்றாக வளைந்த பிறகே உடையும், பித்தளையும் ஓரளவு வளையும். ஜிங்க் அதிகம் வளையாது, சட்டென்று முறிந்துவிடும். முறிவது ஏறக்குறைய எப்போதும் ஒரே இடம்: லீவர் திரும்பிக் கதவை நோக்கிப் போகும் கழுத்து. முறிந்த ஜிங்க்கைப் பார்த்தால் மணல்மணலான சாம்பல் பரப்பில் குண்டூசித் தலை அளவு குமிழிகள் இருக்கும். வார்க்கும்போது சிக்கிக்கொண்ட காற்று அது. கதவுக் கைப்பிடியில் கனமான பையை மாட்டுவதும், குழந்தைகள் தொங்கி ஆடுவதும் அந்தக் கழுத்தைத்தான் சோதிக்கின்றன.

ஆனாலும் வீட்டுக் கதவில் முறிவதைவிட அதிகம் நடப்பது, கைப்பிடி தொங்கிப்போவது. அழுத்தி விட்டால் மேலே எழும்பாமல் பாதியில் நிற்கும். பழி உலோகத்தின் மேல் விழும், காரணம் வேறு. கைப்பிடியை மேலே தூக்குவது பூட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங். கனமான பித்தளை லீவரை வருடக்கணக்கில் அது ஒன்றே தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தால் தளர்ந்துவிடும். ஆகவே பித்தளை வாங்கும்போது, கதவோடு ஒட்டும் வட்டத் தகட்டுக்குள்ளும் தனி ஸ்பிரிங் இருக்கும் மாதிரியைக் கேட்டு வாங்க வேண்டும். இலேசான ஸ்டீல் குழாய்க்கு இந்தத் தொல்லை குறைவு.

கைப்பிடி ஆடுவது மூன்றாவது புகார். லீவரையும் உள்ளே போகும் சதுரக் கம்பியையும் ஒரு சின்ன மறைத் திருகு பிடித்திருக்கிறது. ஆலன் கீ கொண்டு இறுக்குவார்கள். ஜிங்க்கில் அந்தத் திருகின் மரை மென்மையானது. ஆடுகிறதே என்று பலம் கொண்டமட்டும் இறுக்கினால் மரை கழன்றுவிடும், அதன்பின் எத்தனை முறை இறுக்கினாலும் நிற்காது. கதவின் இரு பக்கத் தகடுகளையும் ஊடுருவிப் பிடிக்கும் போல்ட் உள்ள மாதிரி, மரத்தில் மட்டும் திருகும் மாதிரியைவிட நெடுநாள் ஆடாமல் இருக்கும். மூன்று உலோகத்துக்கும் இது பொருந்தும்.

'எஸ்.எஸ். 304' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலும் வட்டத் தகட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். மேல்மூடி மட்டும் ஸ்டீலாகவும், பாரத்தைத் தாங்கும் உள்தட்டு நைலானாகவோ ஜிங்க்காகவோ இருக்கும் மாதிரிகள் நிறைய விற்பனையில் உள்ளன.

இப்போது ஒரு வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மூன்று படுக்கையறைகள் உள்ள ஒரு குடியிருப்பு. தலைவாசல் ஒன்று, படுக்கையறைக் கதவு மூன்று, குளியலறைக் கதவு மூன்று, பால்கனிக் கதவு ஒன்று, மொத்தம் எட்டு. ஜிங்க் ஜோடியின் விலையை ஒரு பங்கு என்று கொள்வோம். 304 ஸ்டீல் ஒன்றரைப் பங்கு, 316 இரண்டு பங்கு, பித்தளை மூன்று பங்கு. கடைக்குக் கடை இது மாறும் என்றாலும் திட்டமிட இது போதும்.

எட்டுக்கும் பித்தளை போட்டால் 24 பங்கு செலவு. எட்டுக்கும் ஜிங்க் போட்டால் 8 பங்குதான். ஆனால் கடலைப் பார்த்த பால்கனியிலும், ஈரமும் ஆசிட் ஆவியும் உள்ள குளியலறைகளிலும் இரண்டு மூன்று ஆண்டில் கொப்புளம் வந்து மாற்ற வேண்டியிருக்கும். கதவுக்கு ஏற்ற மாதிரிப் பிரித்தால்? தலைவாசலுக்கு மட்டும் பித்தளை, 3 பங்கு. அதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், அதிகம் தொடுகிறார்கள், வீட்டுக்காரர் துலக்கிப் பராமரிக்கவும் தயாராக இருப்பார். பால்கனிக்கு 316, 2 பங்கு. குளியலறைகளுக்கு 304, மூன்றும் சேர்ந்து நாலரைப் பங்கு. படுக்கையறைகளுக்கு நல்ல முலாம் உள்ள ஜிங்க், 3 பங்கு. கூட்டினால் பன்னிரண்டரைப் பங்கு. முழுப் பித்தளைச் செலவில் ஏறத்தாழ பாதி.

வீட்டுக்குள் நிறம் ஒத்துப்போக வேண்டுமே என்ற கவலையும் நியாயமானதுதான். படுக்கையறை ஜிங்க்குக்கு மங்கலான ஸ்டீல் நிறப் பூச்சைத் தேர்ந்தால் குளியலறை ஸ்டீலோடு வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் லீவர் வடிவம் ஒன்றுபோல இருக்கும்படி எடுத்தால் போதும். பொன்னிறமே வேண்டும் என்பவர்களுக்கு, வெற்றிடக் கலத்துக்குள் ஏற்றும் பி.வி.டி. பூச்சு செய்த ஸ்டீல் கிடைக்கிறது. அந்தப் பூச்சு மிகக் கடினமானது, கை பட்டுத் தேய்வது குறைவு. ஜிங்க்கின் மேல் அதே பூச்சு போட்டிருந்தால், அரிப்பைத் தடுப்பது அடியில் உள்ள நிக்கல் அடுக்கின் தரம்தான், பி.வி.டி. என்ற பெயரை மட்டும் நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

தீ வெளியேற்றப் படிக்கட்டுக் கதவு போன்றவற்றில் ஜிங்க் கூடவே கூடாது. 400 டிகிரியைத் தொடும் முன்பே அது உருகிவிடும், பித்தளை 900 டிகிரி வாக்கில், ஸ்டீல் 1,400 டிகிரி வாக்கில்தான் உருகும். அடுக்குமாடிகளில் அந்தக் கதவுகளுக்கு ஸ்டீல் கைப்பிடி போடுவது இதனால்தான்.

வாங்கும்போது பில்லில் 'ஹேண்டில் செட் 8' என்று மட்டும் எழுத விடக்கூடாது. எந்தக் கதவுக்கு எந்த உலோகம், ஸ்டீல் என்றால் எந்த ரகம், முலாம் என்றால் உப்புநீர்ச் சோதனையில் எத்தனை மணி நேரம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று எழுதி வாங்க வேண்டும். உத்தரவாதத்தில் பூட்டின் ஸ்பிரிங்குக்கு ஒரு காலமும் மேற்பூச்சுக்கு வேறு காலமும் இருக்கும். கடலோரத்துக்குப் பூச்சு உத்தரவாதம் பொருந்தாது என்ற வரியும் சிலவற்றில் இருக்கும். அதைக் கடையிலேயே படித்துவிடுவது நல்லது. தச்சரிடம் சொல்ல வேண்டியது ஒன்று: பூட்டை மட்டும் முதலில் பொருத்தட்டும், டைல்ஸ் கழுவி, கதவுக்குப் பாலிஷ் அடித்து, வீட்டைத் துடைத்து முடித்த பிறகு, கடைசி வேலையாகக் கைப்பிடிகளை மாட்டட்டும்.